திருமண நாள் உரையில் ஆண்டு, மாதம், நாள் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பா அம்மாவின் திருமண நாள் விழாவில் "இத்தனை ஆண்டு, இத்தனை மாதம், இத்தனை நாள்" என்று துல்லியமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். மூன்று இடத்தில் கணக்குப் போட்டால் மூன்று விடை வருகிறது. எதை நம்புவது?

நீங்கள் தவறாகக் கூட்டியிருக்க வேண்டிய அவசியமில்லை. மாதம் என்பது நிலையான அளவு அல்ல. 28 நாளும் மாதம்தான், 31 நாளும் மாதம்தான். ஆகவே ஆண்டும் மாதமும் நாளும் கலந்த கணக்கில், எந்த மாதத்தை அளவுகோலாக எடுத்தோம் என்பதைப் பொறுத்து நாளின் எண்ணிக்கை மாறும்.

என் பெரியப்பா, பெரியம்மாவின் 40ஆம் ஆண்டு விழாவில் பேசும் பொறுப்பு எனக்கு வந்தபோது இதே சிக்கலில் மாட்டிக்கொண்டேன். அவர்களுக்குத் திருமணமானது 1985 ஜனவரி 30, புதன்கிழமை. 2025இல் ஜனவரி 30 வியாழக்கிழமையாக இருந்ததாலும், வெளியூர்ப் பிள்ளைகளுக்கு விடுப்புக் கிடைக்காததாலும், விழாவை மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள். அந்த நாளுக்கு எத்தனை ஆண்டு, மாதம், நாள் என்று பார்த்தபோது கணினி அட்டவணை 40 ஆண்டு 1 மாதம் 0 நாள் என்றது. நான் விரல்விட்டு எண்ணியதில் 40 ஆண்டு 1 மாதம் 2 நாள் வந்தது. ஓய்வு பெற்ற வங்கி அலுவலரான சித்தப்பா 40 ஆண்டு 1 மாதம் 3 நாள் என்று அடித்துச் சொன்னார். மூவர் கணக்குக்கும் காரணம் இருந்தது. அதைப் புரிந்துகொண்டால் எதை மேடையில் சொல்வது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

திருமண நாளன்றே விழா வைத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 40 ஆண்டுகள் நிறைவு என்று சொல்லிவிட்டு அமர்ந்துவிடலாம். மாதமும் நாளும் தலைகாட்டுவது, மண்டபம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமைக்கு விழாவை மாற்றும்போதுதான்.

அந்த மூன்று விடைகளும் எப்படி வந்தன? கையால் எண்ணிக் காட்ட முடியுமா?

நான் எண்ணியது முன்னோக்கி. 1985 ஜனவரி 30இல் தொடங்கி ஆண்டுகளை முதலில் தாண்ட வேண்டும். 2025 ஜனவரி 30இல் 40 ஆண்டுகள் நிறைகின்றன. அடுத்து ஒரு மாதம் தாண்டினால் பிப்ரவரி 30 வர வேண்டும். அப்படி ஒரு தேதி இல்லை. எனவே அந்த மாதத்தின் கடைசி நாளான பிப்ரவரி 28ஐ எடுத்துக்கொண்டேன். அங்கிருந்து மார்ச் 1, மார்ச் 2 என்று இரண்டு நாள். மொத்தம் 40 ஆண்டு 1 மாதம் 2 நாள்.

சித்தப்பா எண்ணியது பின்னோக்கி. 2025 மார்ச் 2இலிருந்து 40 ஆண்டு பின்னே போனால் 1985 மார்ச் 2. ஒரு மாதம் பின்னே போனால் 1985 பிப்ரவரி 2. அங்கிருந்து ஜனவரி 30க்குப் போக மூன்று நாள். முன்னோக்கி எண்ணும்போது குறைகிற நாள்களைப் பிப்ரவரியிடம் கடன் வாங்குகிறோம். பின்னோக்கி எண்ணும்போது ஜனவரியிடம் வாங்குகிறோம். ஒன்று 28 நாள் உடையது, மற்றொன்று 31 நாள் உடையது. வேறுபாடு அங்கேதான் பிறக்கிறது.

கணினி காட்டிய பூச்சியத்துக்குக் காரணம், அது 2இலிருந்து 30ஐக் கழித்து, வந்த மைனஸ் 28உடன் பிப்ரவரியின் 28ஐக் கூட்டியதுதான். பிப்ரவரியில் 30ஆம் தேதியே கிடையாது என்பதை அது கவனிக்கவில்லை.

விழாத் தேதியின் எண் திருமணத் தேதியின் எண்ணுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்து, விழாவும் 28ஆம் தேதிக்குள் வந்தால் மூன்று வழியும் ஒரே விடையைத் தரும். ஜனவரி 10இல் திருமணம், மார்ச் 15இல் விழா என்றால் எப்படி எண்ணினாலும் மீதி 2 மாதம் 5 நாள்தான். எண் குறைவாக இருந்தாலோ விழா மாதக் கடைசியில் வந்தாலோ எச்சரிக்கை தேவை. 1985 மே 20இல் திருமணமாகி 2025 ஜூலை 8இல் விழா நடந்தால், முன்னோக்கி எண்ணினால் 40 ஆண்டு 1 மாதம் 18 நாள். பின்னோக்கி எண்ணினால் 19 நாள். மாதக் கடைசித் தேதியே இல்லாத இந்தக் கணக்கிலும் ஒரு நாள் இடிக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

சரி, மேடையில் எதைச் சொல்வது?

முன்னோக்கி எண்ணியதைச் சொல்லுங்கள். தம்பதியர் வாழ்ந்து வந்த திசை அதுதான். அவர்கள் முதலில் 40ஆம் திருமண நாளைக் கண்டார்கள், பிறகு ஒரு மாதம் கழிந்தது, பிறகு இரண்டு நாள் ஆயிற்று. 30ஆம் தேதி இல்லாத மாதத்தில் கடைசி நாளை எடுத்துக்கொள்வதும் நமக்குப் பழகிய வழக்கமே. 30ஆம் தேதி கட்ட வேண்டிய மாதத் தவணையைப் பிப்ரவரியில் 28ஆம் தேதி கட்டுகிறவரை யாரும் குறை சொல்வதில்லை.

இதோடு மொத்த நாள் கணக்கையும் ஒருமுறை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு, மாதம் என்ற குழப்பம் இல்லாத, ஒரே விடை உள்ள எண் அதுதான். உரையில் சொல்கிறீர்களோ இல்லையோ, உங்கள் கணக்கைச் சரிபார்க்க அது கட்டாயம் உதவும்.

மொத்த நாள்களைக் கணினி இல்லாமல் எப்படிப் போடுவது?

40 ஆண்டுக்கு 40 × 365 = 14,600 நாள். அதில் லீப் ஆண்டுகளின் பிப்ரவரி 29களைச் சேர்க்க வேண்டும். 1985 ஜனவரி 30க்கும் 2025 ஜனவரி 30க்கும் இடையே 1988, 1992, 1996, 2000, 2004, 2008, 2012, 2016, 2020, 2024 என்று பத்து வருகின்றன. ஆக 14,610. பிறகு 2025 ஜனவரி 30இலிருந்து மார்ச் 2 வரை: ஜனவரியில் மீதி 1, பிப்ரவரியில் 28, மார்ச்சில் 2, கூட்டினால் 31. மொத்தம் 14,641 நாள்கள்.

இங்கே பலரும் "நான்கு ஆண்டுக்கு ஒரு நாள்" என்று நான்கால் வகுத்து முடித்துவிடுகிறார்கள். அது சில நேரம் சரியாக வரும், சில நேரம் ஒரு நாள் தவறும். 1984 ஜனவரி 30இலிருந்து 2025 ஜனவரி 30 வரை 41 ஆண்டுகள். இடையில் 1984இன் பிப்ரவரி 29உம் அடங்குவதால் லீப் நாள்கள் 11. அதே 1984இல் மார்ச் 1ஆம் தேதி திருமணமானவர்களுக்கு 2025 மார்ச் 1 வரையிலும் 41 ஆண்டுகள்தான், ஆனால் லீப் நாள்கள் 10. ஆகவே வகுக்காமல் பிப்ரவரி 29களைப் பெயர் சொல்லி எண்ணுவதே பாதுகாப்பு. 2000 லீப் ஆண்டா என்ற ஐயம் சிலருக்கு வரும். நூற்றாண்டு முடிவுகள் 400ஆல் வகுபட்டால் லீப் ஆண்டு. 2000 வகுபடுகிறது, 1900 வகுபடவில்லை.

போட்ட விடை சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிழமையைக் கொண்டு சோதியுங்கள். மொத்த நாளை 7ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 14,641ஐ 7ஆல் வகுத்தால் ஈவு 2,091, மீதி 4. திருமணம் நடந்த புதன்கிழமையிலிருந்து நான்கு நாள் தள்ளினால் வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. விழா ஞாயிற்றுக்கிழமை. கணக்கு பொருந்துகிறது. லீப் நாளில் ஒன்றைத் தவறவிட்டிருந்தாலோ கூடுதலாகச் சேர்த்திருந்தாலோ சனி அல்லது திங்கள் என்று வந்து உங்களைக் காட்டிக்கொடுத்திருக்கும். சரியாக ஏழு நாளோ அதன் மடங்கோ பிசகினால் மட்டும் இச்சோதனை கண்டுபிடிக்காது. அப்படிப் பிசகுவது அரிது.

திருமணக் கிழமை தெரியவில்லை என்று கவலைப்பட வேண்டாம். நம் அழைப்பிதழ்களில் தேதிக்குப் பக்கத்திலேயே கிழமை இருக்கும்.

இன்னொன்று, இதற்குத் தொடர்பில்லாதது: 14,641 என்பது 11 × 11 × 11 × 11. என் கூடப் பிறந்தவள் மகன் பத்தாம் வகுப்பில் படிக்கிறான், அவன்தான் கண்டுபிடித்தான். விழாவில் மற்ற எதையும்விட இதற்கே கைதட்டல் அதிகம்.

மொத்த நாளை 365ஆல் வகுத்து ஆண்டு, மீதியை 30ஆல் வகுத்து மாதம் என்று எடுத்தேன். சரியா?

சரியில்லை, அதுவும் சிறு பிழையன்று. எங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 14,641ஐ 365ஆல் வகுத்தால் 40, மீதி 41. அந்த 41ஐ 30ஆல் வகுத்தால் 1 மாதம், 11 நாள். உண்மையில் இருக்க வேண்டியது 1 மாதம் 2 நாள். கூடுதலாக வந்த நாள்களுக்குக் காரணம் 40 ஆண்டுகளில் சேர்ந்த லீப் நாள்கள். அவை ஆண்டுகளுக்குள் அடங்காமல் கடைசியில் வந்து குவிந்துவிட்டன. திருமணமாகி எவ்வளவு காலம் ஆகிறதோ அவ்வளவுக்குப் பிழையும் பெருகும். நாளிலிருந்து ஆண்டுக்குத் திரும்பாதீர்கள். தேதியிலிருந்து தேதிக்கு எண்ணுங்கள்.

எக்செல்லில் போட எந்தச் சூத்திரம்?

பலரும் `DATEDIF` பயன்படுத்துகிறார்கள். ஆண்டுக்கும் மாதத்துக்கும் அது நன்றாகவே வேலை செய்கிறது. நாளுக்கான `"md"` என்ற பகுதிதான் கோளாறு. எங்களுக்குப் பூச்சியம் காட்டியது அதுவே. திருமணம் ஜனவரி 31, விழா மார்ச் 1 என்று கொடுத்தால் லீப் அல்லாத ஆண்டில் மைனஸ் 2 என்றுகூடக் காட்டும். இப்பகுதி தவறான விடை தரக்கூடும் என்று மைக்ரோசாஃப்ட் தன் உதவிப் பக்கத்திலேயே எச்சரித்திருக்கிறது. A2இல் திருமணத் தேதியும் B2இல் விழாத் தேதியும் இருப்பதாகக் கொண்டு, கீழுள்ள நான்கையும் தனித்தனிக் கட்டங்களில் இடுங்கள்:

```
=DATEDIF(A2,B2,"y")
=DATEDIF(A2,B2,"ym")
=B2-EDATE(A2,DATEDIF(A2,B2,"m"))
=B2-A2
```

முதலாவது ஆண்டு, இரண்டாவது மாதம், மூன்றாவது நாள், நான்காவது மொத்த நாள். மூன்றாவதில் உள்ள `EDATE`, முடிந்த மாதங்கள் அத்தனையையும் திருமணத் தேதியோடு கூட்டி, தேதி இல்லாத மாதத்தில் கடைசி நாளில் நிற்கும். நாம் கையால் செய்ததும் அதையேதான். கடைசி இரண்டு கட்டங்களிலும் எண்ணுக்குப் பதிலாக ஏதாவது தேதி தெரிந்தால், கட்டத்தின் வடிவத்தை எண் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இதைவிட ஏமாற்றுகிற குழி ஒன்று உண்டு. கணினியின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் `02/03/2025` என்று நீங்கள் தட்டுவதை அது பிப்ரவரி 3 என்று எடுத்துக்கொள்ளும், எந்த எச்சரிக்கையும் தராது. தேதியை இப்படிக் கொடுத்துவிட்டால் அந்தப் பயம் இல்லை:

```
=DATE(1985,1,30)
=DATE(2025,3,2)
```

எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும்? நிச்சயதார்த்தமா, வரவேற்பா, தாலி கட்டிய நாளா, பதிவு செய்த நாளா?

உரையில் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதே இதற்கு விடை. "திருமணமாகி" என்றால் தாலி கட்டிய நாள். "ஒருவரையொருவர் அறிந்து" என்றால் பெண் பார்த்த நாளோ அதற்கும் முந்தையதோ. காதல் திருமணம் செய்தவர்கள் முதலில் பேசிய நாளிலிருந்து எண்ணச் சொல்வார்கள். அந்தத் தேதியில் கணவனும் மனைவியும் ஒத்துப்போவதை நான் இதுவரை பார்த்ததில்லை. அப்படிப்பட்ட தொடக்கத்தை நாள் கணக்காகச் சொல்லாமல், மாதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எங்கள் வீட்டில் வந்த சிக்கல் வேறு மாதிரியானது. திருமண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வெள்ளை மையில் 29-1-1985 என்று எழுதியிருந்தது. அண்ணன் அதை நம்பி ஒரு நாள் கூட்டிவிட்டார். ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தால் முதல் எட்டுப் பக்கமும் மின்விளக்கு வெளிச்சத்தில் எடுத்த வரவேற்புப் படங்கள். பெரியம்மாவின் கழுத்தில் தாலி இல்லை. முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம் என்பது நம் ஊர் வழக்கமாகையால், ஆல்பத்தின் தேதியை அப்படியே எடுக்கக் கூடாது. அழைப்பிதழில் முகூர்த்தத்துக்கு நேரே உள்ள தேதியைத்தான் எடுக்க வேண்டும்.

பதிவுச் சான்றிதழிலும் இரண்டு தேதிகள் இருக்கும்: திருமணம் நடந்த தேதி ஒன்று, பதிவான தேதி ஒன்று. தமிழ்நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009இல்தான் வந்தது. அதற்கு முன் மணந்தவர்களில் பலர், கடவுச்சீட்டுக்காகவோ விசாவுக்காகவோ பல ஆண்டு கழித்துப் பதிந்திருப்பார்கள். கோவிலிலோ மண்டபத்திலோ மணந்தவர்களுக்குப் பதிவான தேதியை எடுத்தால் கணக்கு ஆண்டுக்கணக்கில் சுருங்கிவிடும். பதிவு அலுவலகத்திலேயே மணம் முடித்தவர்களுக்கு மட்டும் அந்தத் தேதியே திருமணத் தேதி.

அப்பா பல ஆண்டுகள் வெளிநாட்டில் வேலை பார்த்தார். "சேர்ந்து வாழ்ந்த" என்று சொல்லலாமா?

தயவுசெய்து சொல்லாதீர்கள். என் பெரியப்பா மஸ்கட்டில் ஆறு ஆண்டுகள் இருந்தவர். "நாற்பது ஆண்டுகள் இணைபிரியாமல்" என்று ஒத்திகையில் நான் படித்தபோது, காய் நறுக்கிக்கொண்டிருந்த பெரியம்மா தலை நிமிராமல், "அதுல ஆறு வருஷம் கடுதாசியோட வாழ்ந்தேன், அதையும் எழுதிக்கோ" என்றார். அந்த ஆறு ஆண்டுகளைக் கழித்துச் சொல்வது நாகரிகமல்ல. சேர்த்துச் சொல்வது உண்மையல்ல. "திருமணமாகி 40 ஆண்டுகள்" என்று மாற்றினேன். அந்தச் சொல் எல்லாவற்றையும் தாங்கும். கூடவே, அவர் அனுமதியோடு, கடிதங்களைப் பற்றி ஒரு வரி சேர்த்தேன்.

அழைப்பிதழில் தமிழ்த் தேதிதான் தெளிவாக இருக்கிறது, ஆங்கிலத் தேதி அழிந்துவிட்டது. தமிழ் மாதத்தை வைத்து எண்ணலாமா?

தமிழ்த் தேதியிலிருந்து ஆங்கிலத் தேதியைக் கண்டுபிடித்து, அதன்பின் எண்ணுங்கள். தமிழ் மாதங்கள் சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலத்தைக் கொண்டவை. அவற்றின் நீளம் 29 நாளிலிருந்து 32 நாள் வரை மாறும். மார்கழி குறுகியது, ஆனி நீண்டது. அதில் மாதக் கணக்குப் போட்டால் ஆங்கில மாதத்தில் போட்டதோடு ஒத்துவராது. கேட்பவர்களும் விழாத் தேதியை ஆங்கில முறையில்தான் மனத்தில் வைத்திருப்பார்கள்.

ஆண்டுப் பெயர் மட்டும் உங்களுக்குக் கைகொடுக்கும். பெரியப்பாவின் அழைப்பிதழில் "ரக்தாட்சி வருடம் தை மாதம்" என்றிருந்தது. தமிழாண்டு சித்திரையில் பிறப்பதால், ரக்தாட்சி 1984 ஏப்ரலில் தொடங்கி 1985 ஏப்ரலில் முடிந்தது. அதன் தை மாதம் 1985 ஜனவரியில் பிறந்தது. "ரக்தாட்சி என்றால் 1984" என்று மட்டும் நினைவில் வைத்திருந்தவர்கள் ஓராண்டு கூட்டிவிட்டார்கள். தை, மாசி, பங்குனித் திருமணங்களில் இந்தத் தவறு மிகுதியாக நடக்கிறது. தேதி உறுதியாக வேண்டுமென்றால் அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தையோ பழைய நாள்காட்டியையோ பார்த்து, கிழமையும் பொருந்துகிறதா என்று உறுதி செய்யுங்கள்.

திருமண நாளையும் விழா நாளையும் சேர்த்து எண்ண வேண்டுமா? 14,641ஆ, 14,642ஆ?

இரண்டும் சரி, சொல்லும் விதம் வேறு. திருமணம் முடிந்து 14,641 நாள்கள் நிறைந்திருக்கின்றன. திருமண நாளை முதல் நாளாக வைத்தால் விழா நாள் 14,642ஆம் நாள். தமிழில் "நிறைவு" என்பதும் "ஆம்" என்பதும் இந்த வேறுபாட்டை அழகாகக் காட்டுகின்றன. "40 ஆண்டுகள் நிறைவு" என்றாலும் "41ஆம் ஆண்டில் அடியெடுத்து வைக்கிறார்கள்" என்றாலும் ஒரே நிலையைத்தான் சொல்கிறோம். பேச்சாளர்கள் இரண்டையும் கலந்து "41 ஆண்டுகள் நிறைவு செய்து" என்று சொல்லிவிடுவதுதான் தவறு. நீங்கள் நிறைவுக் கணக்கையே கடைசி வரை பிடித்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 29இல் திருமணமானவர்களுக்கு?

லீப் அல்லாத ஆண்டில் பிப்ரவரி 28இல் ஆண்டு நிறைகிறது என்று கொள்பவர்களும் உண்டு, மார்ச் 1 என்பவர்களும் உண்டு. மேலே சொன்ன கடைசி நாள் விதியைப் பின்பற்றினால் 28. தம்பதியர் இத்தனை ஆண்டும் எந்த நாளில் கேக் வெட்டினார்களோ அதையே எடுத்துக்கொள்வது மரியாதை. மொத்த நாள் கணக்கு இதனால் மாறாது.

உரையில் இந்த எண்ணை எங்கே வைப்பது? எப்படிச் சொல்வது?

தொடக்கத்திலேயே ஒருமுறை, மீண்டும் வேண்டாம். வாழ்த்துக்குப் பின் இரண்டாம் பத்தியில் வைத்தால், கேட்பவர்களின் கவனம் சிதறுவதற்கு முன் எண் போய்ச் சேரும். தேதியை முதலில் சொல்லி, பிறகு ஆண்டு மாதம் நாளைச் சொல்லி, சற்று நிறுத்தி, பிறகு மொத்த நாளைச் சொல்லுங்கள். மணியும் நிமிடமும் சேர்க்க வேண்டாம். தாலி கட்டிய நிமிடத்தை யாரும் குறித்து வைத்திருக்க மாட்டார்கள், அங்கே துல்லியம் பொய்யாகிவிடும்.

காகிதத்தில் எண்ணாக எழுதாமல் எழுத்தால் எழுதுங்கள். 14,641 என்று எழுதி வைத்தால் ஒலிவாங்கிக்கு முன் நா தடுமாறும். "பதினான்காயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்று" என்று எழுதி நான்கைந்து முறை வாய்விட்டுப் படித்தால் தடையில்லாமல் வரும். "நாள்கள்" என்பதா "நாட்கள்" என்பதா என்று தமிழாசிரியர் யாராவது கேட்டால், இலக்கணம் கற்றவர்கள் முன்னதைத்தான் விரும்புகிறார்கள்; பின்னது நாட்பட்ட கள்ளைக் குறிக்கும் என்று கேலி செய்வார்கள். திருமண மேடையில் அந்த வம்பு எதற்கு?

நான் பேசிய பத்தி இது: "பெரியப்பா பெரியம்மாவுக்குத் தாலி கட்டியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து, ஜனவரி முப்பது, புதன்கிழமை. இன்றோடு நாற்பது ஆண்டுகள், ஒரு மாதம், இரண்டு நாள்கள் நிறைகின்றன. நாளாக எண்ணினால் பதினான்காயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்று. இவற்றில் ஒரு நாள்கூடப் பெரியம்மா காலை ஐந்தரைக்கு மேல் எழுந்ததாக எங்களில் யாருக்கும் நினைவில்லை. பெரியப்பா அதற்கு முன் எழுந்ததாகவும் நினைவில்லை."

மாதம் பூச்சியமாக இருந்தால் அதைச் சொல்லாமல் விடுங்கள். "நாற்பது ஆண்டுகள், பூச்சியம் மாதம்" என்று யாரும் பேசுவதில்லை.

விழாத் தேதி மாறினால்?

எல்லாவற்றையும் மறுபடி போடுங்கள். பழைய விடையில் நாள்களைக் கூட்டி ஒட்டுப்போடாதீர்கள். எங்கள் விழா முதலில் பிப்ரவரி 23, ஞாயிறு என்றிருந்தது. அதற்குரிய கணக்கு 40 ஆண்டுகள், 24 நாள்கள். மண்டபம் கிடைக்காமல் ஒரு வாரம் தள்ளியபோது, பிளெக்ஸ் பேனரை அச்சுக்குக் கொடுத்திருந்த அண்ணன் 24உடன் ஏழைக் கூட்டி "40 ஆண்டுகள், 31 நாள்கள்" என்று திருத்தச் சொல்லிவிட்டார். நாளாக அது பொய்யில்லை. ஆனால் 31 நாளை மாதமாக மாற்றாமல் விட்டதால், என் உரையில் ஒன்று, தலைக்கு மேல் தொங்கிய பேனரில் வேறொன்று என்றாகிவிட்டது. பேனரில் ஆண்டை மட்டும் அச்சிட்டு, மாதத்தையும் நாளையும் உரைக்கு விட்டுவிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

கூட்டத்தில் யாராவது எழுந்து "கணக்கு தப்பு" என்றால்?

கட்டாயம் ஒருவர் சொல்வார். ஒரு சிறு சீட்டில் தொடக்கத் தேதி, விழாத் தேதி, எண்ணிய படிகள், மொத்த நாள், கிழமைச் சோதனை ஆகியவற்றை எழுதிப் பையில் வைத்திருங்கள். மேடையில் வாதாட வேண்டாம், பந்தியில் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் விழாவில் சித்தப்பா பந்தியில் எதிரே அமர்ந்து, "மூணு நாள்னுதானே சொன்னேன்" என்று தொடங்கினார். சீட்டை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிப்ரவரி 28 வரைக்கும் வந்தவர், இலையில் ரசம் ஓடுவதைக்கூடக் கவனிக்காமல் முன்னும் பின்னும் இரண்டு முறை எண்ணினார். பிறகு "மொத்தம் ஒண்ணுதான், அது போதும்" என்று சொல்லிச் சீட்டை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.